முதலுக்கு மோசமில்லாத டாலர் விலை

பகல் பதினொன்றரை மணி. சென்னை பாரிமுனையில், படிக்கட்டு முழுக்கப் பார்சல் அடுக்கிய ஒரு மாடி அலுவலகம். தொழிற்சாலைகளுக்கான தையல் இயந்திரங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்து விற்பவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கைபேசியில் திருப்பூர்.

"ஏனுங்ண்ணா, நூத்திருபது மெஷினுக்கும் ஒரே ரேட்டாச் சொல்லிப்போடுங்க. அப்பறம் டாலரு ஏறிப்போச்சுன்னு வந்து நிக்கக்கூடாதுங்க."

எதிர்ச்சுவரில் தொலைக்காட்சி ஓடுகிறது. திரையின் அடியில் ஒரு டாலர் 85 ரூபாய் என்று எழுத்து நகர்கிறது. வியாபாரி கால்குலேட்டரைத் தட்டுகிறார். "ஒண்ணு நாப்பதாயிரத்து ஐந்நூறு. ஜிஎஸ்டி தனி." மறுமுனையில் சம்மதம். அழைப்பு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

விற்கும் விலை ரூபாயில் முடிவாகிவிட்டது. அந்த இயந்திரங்களுக்கு அவர் கொடுக்க வேண்டிய பணம் டாலரில் இருக்கிறது, அதைக் கட்டத் தொண்ணூறு நாள் தவணை. அந்தத் தொண்ணூறாவது நாளில் டாலர் என்ன விலைக்குப் போனால் இந்த வியாபாரம் தப்பிக்கும், எந்த விலையைத் தாண்டினால் கைக்காசு போகும்? அந்த எல்லைக்கோடுதான் 'பிரேக்-ஈவன் ரேட்'. முதலுக்கு மோசமில்லாத டாலர் விலை என்று சொல்லலாம். இறக்குமதி செய்கிறவர்களில் பலர் அதை மனக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். மனக்கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும். அது எப்படி என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது ஏன் என்றால், 2025 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் 84 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் 90-ஐத் தாண்டியது. இடைப்பட்ட ஏழு மாதத்தில் விலை சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்கள் எல்லோருமே இந்தக் கோட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றவர்கள்தான்.

எங்கே ஏமாற்றுகிறது கணக்கு?

பாரிமுனை வியாபாரியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். (அவர் நான் உருவாக்கிக்கொண்ட ஆள், எண்களும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. முறை மட்டும் கடைத்தெருவில் உள்ளது.) 200 இயந்திரங்கள், சென்னைத் துறைமுகம் வரை வந்து சேரும் விலை ஒன்றுக்கு 400 டாலர். மொத்தம் 80,000 டாலர். அதில் 120 திருப்பூருக்கு. மீதி 80 கிடங்கில் வைத்துச் சில்லறையாக விற்க.

எல்லாமே 40,500-க்குப் போனால் கைக்கு வருவது 81 லட்சம். இதிலிருந்து ரூபாயிலேயே ஆகும் செலவுகளைக் கழிக்க வேண்டும். சுங்க வரி, துறைமுகக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட், லாரி, எல்.சி. திறந்ததற்கான வங்கிக் கமிஷன், விற்பனையாளர் கமிஷன், இயந்திரத்தைப் பூட்டிக் கொடுத்து ஓராண்டு பார்த்துக்கொள்ளும் செலவு, கிடங்கு வாடகை என்று இவை எல்லாம் சேர்ந்து 11 லட்சம். மிச்சம் 70 லட்சம். அந்த 70 லட்சத்தைக் கொண்டு 80,000 டாலர் வாங்க வேண்டும். வகுத்தால் 87 ரூபாய் 50 காசு.

இன்று 85, எல்லை 87.50. இரண்டரை ரூபாய் இடைவெளி இருக்கிறது, இன்றைய விலைக்கே கட்டினால் 2 லட்சம் லாபம். இந்த நம்பிக்கையில்தான் அவர் மூன்று நிமிடத்தில் விலை சொன்னார்.

முதல் ஓட்டை தவணையில் இருக்கிறது. சீன விற்பனையாளர் தொண்ணூறு நாள் பொறுப்பது சும்மா இல்லை. எல்.சி.யின் தவணைக்கு வட்டி உண்டு, அதுவும் டாலரில். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 80,000 டாலருக்குத் தொண்ணூறு நாளில் 1,200 டாலர். ஆக அவர் வாங்க வேண்டியது 81,200 டாலர். இப்போது 70 லட்சத்தை அதால் வகுத்தால் எல்லை 86.21-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டரை ரூபாய் இடைவெளியில் பாதிக்கு மேல் ஒரே வரியில் காலி. டாலரில் பிறக்கும் செலவு எதுவானாலும் வகுக்கும் எண்ணில்தான் சேர வேண்டும். அதை அன்றைய விலைக்கு ரூபாயாக்கிச் செலவுப் பட்டியலில் எழுதினால் எல்லை உண்மையைவிட உயரமாகத் தெரியும்.

இரண்டாவது ஓட்டை தொலைக்காட்சித் திரை. அதில் ஓடும் 85 என்பது வங்கிகள் தங்களுக்குள் டாலர் வாங்கி விற்கும் விலை. வாடிக்கையாளருக்கு விற்கும்போது வங்கி தன் பங்கைச் சேர்க்கும். பெரிய நிறுவனமானால் சில காசுகள், சிறிய இறக்குமதியாளரானால் சில நேரம் அரை ரூபாய்கூட. இவருக்கு 15 காசு என்று வைப்போம். இந்தப் பங்கு பேசிக் குறைக்கக்கூடியது என்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியமானது. எல்லைக்கோட்டை இன்றைய விலையோடு ஒப்பிடுவதே தப்பு. பணம் கட்டுவது இன்றைக்கு அல்லவே! தொண்ணூறு நாள் கழித்து எடுத்துக்கொள்ளப்போகும் டாலருக்கு இன்றே விலை முடித்துக்கொள்ளலாம். ஃபார்வர்ட் ஒப்பந்தம் என்று வங்கிகள் செய்து தருகின்றன. அந்த விலை இன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் நம் நாட்டு வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம். ரூபாய் இறங்கும் என்று வங்கி ஜோசியம் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் தொண்ணூறு நாளுக்கு 42 காசு. வங்கியின் 15 காசையும் சேர்த்தால் 85.57.

எல்லை 86.21, இன்று பூட்டிக்கொள்ளக்கூடிய விலை 85.57. இடைவெளி 64 காசு. 81,200 டாலருக்கும் இப்படிப் பூட்டினால் நிற்கும் லாபம் 51,716 ரூபாய்.

இரண்டு லட்சம் என்று நினைத்துத்தான் அவர் தொலைபேசியை வைத்தார்.

> எல்லை விலை: ஒரு பார்வையில்
>
> விற்றுமுதல் (200 × 40,500): 81,00,000 ரூபாய்
> ரூபாய்ச் செலவுகள்: 11,00,000 ரூபாய்
> டாலர் வாங்கக் கிடைப்பது: 70,00,000 ரூபாய்
> கட்ட வேண்டியது (சரக்கு 80,000 + தவணை வட்டி 1,200): 81,200 டாலர்
> எல்லை விலை: 70,00,000 ÷ 81,200 = 86.21 ரூபாய்
> இன்று பூட்டக்கூடிய விலை: 85.57 ரூபாய்
>
> ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. துறைமுகத்தில் கட்டியது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழிந்துவிடும். அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும் நாட்களுக்கான வட்டி மட்டும் 11 லட்சத்துக்குள் இருக்கிறது.

சுங்கத்துக்குத் தனி டாலர்

ரூபாய்ச் செலவில் சுங்க வரி இருக்கிறதே, அதுவும் டாலரோடு ஏறி இறங்குவதுதானே என்ற கேள்வி நியாயமானது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுங்கத் துறை வரி போடுவதற்கு மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் மாதத்துக்கு இரண்டு முறை அறிவிக்கும் மாற்று விகிதத்தையே எடுத்துக்கொள்ளும். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு. சுங்கச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதன்பிறகு டாலர் நூறுக்குப் போனாலும் கட்டிய வரி கட்டியதுதான்.

இறக்குமதிக்கான இந்த அறிவிப்பு விகிதம் சந்தை விலையைவிட வழக்கமாகச் சற்று மேலேயே இருக்கும். சந்தையில் 85 ஓடும்போது இது 86-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். நம் வியாபாரியின் கணக்கில் அந்த 86-தான் போடப்பட்டது. அடிப்படை வரி 7.5 சதவீதம், அதன்மேல் சமூகநல மிகுவரி பத்தில் ஒரு பங்கு, ஆக 8.25 சதவீதம் என்று வைத்தால் வரி 5,67,600 ரூபாய் வருகிறது.

ஆகவே பில் ஆஃப் என்ட்ரிக்கு முன்பு ஒரு கணக்கு, பின்பு ஒரு கணக்கு. தாக்கல் செய்வதற்கு முன்னால் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இவருக்கு 87,800 ரூபாய் கூடுதல் செலவு, ஏனென்றால் வரியும் சேர்ந்து ஏறுகிறது. தாக்கல் ஆனபின் ஏறினால் 81,200 மட்டும். வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம். 20 சதவீத வரி உள்ள சரக்குக்கு இதே கணக்கைப் போட்டால் அப்படித் தோன்றாது.

2013-இல் நடந்தது

தொண்ணூறு நாளில் டாலர் எவ்வளவு போய்விடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி உண்டு. 2013 மே 22. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, மாதாமாதம் கடன் பத்திரம் வாங்குவதைக் குறைக்க நேரலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். அன்று ஒரு டாலர் ஐம்பத்தைந்தரை ரூபாய் போல இருந்தது. வெளிநாட்டு முதலீடு இந்தியா போன்ற நாடுகளிலிருந்து கிளம்பத் தொடங்கியது. ஆகஸ்ட் 28-ஆம் தேதி பகலில் ரூபாய் 68.80-ஐத் தொட்டது. இடையில் தொண்ணூற்றெட்டு நாட்கள். மே கடைசியில் தொண்ணூறு நாள் தவணைக்கு எல்.சி. திறந்தவருக்குக் கெடு வந்தது சரியாக அந்த வாரத்தில்.

80,000 டாலர் கட்ட வேண்டியவருக்கு இது பத்தரை லட்சத்துக்கு மேல் கூடுதல் சுமை. நம் வியாபாரியின் இரண்டு லட்சக் கனவு லாபத்தைப் போல ஐந்து மடங்கு.

அந்தக் கதையில் எல்லோரும் சொல்லாமல் விடும் பின்பாதி ஒன்று இருக்கிறது. 28-ஆம் தேதியே ரிசர்வ் வங்கி, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்குத் தனியாக டாலர் தர ஏற்பாடு செய்தது. அவை சந்தையில் வந்து டாலர் வாங்குவது குறைந்தது. அக்டோபரில் ரூபாய் 61, 62 என்று திரும்பியிருந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தின் பயத்தில் அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து டாலரைப் பூட்டிக்கொண்டவர்கள், அந்த விலையை அடக்க விலையாக வைத்து விற்க முயன்றபோது, பக்கத்துக் கடைக்காரர் 62 ரூபாய் டாலரில் வந்த சரக்கைக் குறைத்து விற்றுக்கொண்டிருப்பார். பூட்டாமல் விட்டதால் ஓர் அடி, பூட்டியதால் இன்னோர் அடி. எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள் என்று வங்கி அதிகாரி சொல்லும்போது இந்த இரண்டாவது அடி கணக்கில் வருவதில்லை.

ஆபத்து எந்தச் சரக்கில்?

விலை பேசி முடித்த 120 இயந்திரமும் கிடங்கில் இருக்கும் 80 இயந்திரமும் ஒரே கப்பலில் வந்தவை, ஒரே எல்.சி.க்குக் கட்டுப்பட்டவை. ஆனால் டாலர் ஏறும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

டாலர் 88-க்குப் போகிறது என்று வைப்போம். திருப்பூர்க்காரருக்குச் சொன்ன 40,500-இல் ஒரு ரூபாய் கூட்ட முடியாது. கிடங்கில் உள்ளதை? கூட்டலாம். ஏனென்றால் இனிமேல் அதே இயந்திரத்தை வரவழைக்கும் ஒவ்வொரு போட்டியாளருக்கும் அடக்க விலை ஏறியிருக்கிறது. ஒரு இயந்திரத்துக்குச் சரக்கும் தவணை வட்டியும் 406 டாலர், வரி 33 டாலர், ஆக 439 டாலர். டாலர் மூன்று ரூபாய் ஏறினால் புதிதாக வரும் இயந்திரத்தின் விலை 1,317 ரூபாய் ஏறும். சந்தை விலை 41,817 ஆகிவிடும். கிடங்குச் சரக்கு தன் நஷ்டத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

தலைகீழாக டாலர் 83-க்கு இறங்கினால், புதுச் சரக்கு 878 ரூபாய் மலிவாகும். கிடங்கில் உள்ளதை 39,622-க்கு மேல் விற்க முடியாது. ஆனால் கட்ட வேண்டிய டாலரும் மலிவாகிவிட்டதே, அது தாங்கிக்கொள்ளும். அந்த 80 இயந்திரத்துக்கான டாலரையும் 85.57-இல் பூட்டி வைத்திருந்தால்தான் சிக்கல். விற்கும் விலை இறங்குகிறது, வாங்கிய விலை அப்படியே நிற்கிறது.

எனவே என் பார்வையில் கேள்வியே வேறு. மொத்தக் கப்பலுக்கும் ஒரு எல்லை விலை என்று பார்ப்பதைவிட, ரூபாயில் விலை பேசி முடித்தது எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். விற்காமல் கிடக்கும் சரக்கைப் பார்த்துத்தான் வியாபாரிகள் தூக்கம் கெடுகிறார்கள். டாலர் விஷயத்தில் தூக்கம் கெட வேண்டியது விற்று முடித்த சரக்குக்கு.

மூன்று வழியையும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. எதையும் பூட்டாமல் விடுவது ஒன்று. 81,200 டாலரையும் பூட்டுவது இன்னொன்று. விலை பேசி முடித்த 120 இயந்திரத்துக்கான 48,720 டாலரை மட்டும் பூட்டிவிட்டு மீதியைக் கெடு நாளின் விலைக்கு விட்டுவிடுவது மூன்றாவது.

> கெடு நாளில் மிஞ்சுவது (ரூபாயில்)
>
> | | டாலர் 88 ஆனால் | டாலர் 83 ஆனால் |
> |---|---|---|
> | எதையும் பூட்டவில்லை | 40,240 நஷ்டம் | 1,90,160 லாபம் |
> | எல்லாவற்றையும் பூட்டினார் | 1,57,076 லாபம் | 18,524 நஷ்டம் |
> | விற்றதை மட்டும் பூட்டினார் | 78,150 லாபம் | 64,950 லாபம் |
>
> 120 இயந்திரம் 40,500-க்கு, மீதி 80 அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகக் கணக்கு. 88, 83 என்பவை வங்கி இவருக்கு விற்கும் விலை.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். டாலர் எந்தப் பக்கம் ஐந்து ரூபாய் அகலத்தில் ஆடினாலும் லாபம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது. தையல் இயந்திரம் விற்றுப் பிழைக்க வந்தவருக்கு அதுதானே வேண்டும்?

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை மறைக்கக் கூடாது. டாலர் ஏறினால் சந்தை விலையும் உடனே அதே அளவு ஏறும் என்று கணக்கு நம்புகிறது. நடைமுறையில் போட்டியாளர்களிடம் பழைய சரக்கு நிறையக் கிடந்தால், அது தீரும்வரை யாரும் விலை ஏற்ற மாட்டார்கள். அதே இயந்திரம் உள்நாட்டிலும் தயாரானால் ஏற்றமே பாதிதான் நடக்கும். அப்படிப்பட்ட சரக்குக்குக் கிடங்கில் உள்ளதிலும் ஒரு பங்கைப் பூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கடந்த இரண்டு மூன்று முறை டாலர் ஏறியபோது தெருவில் விலை எத்தனை நாளில், எவ்வளவு ஏறியது என்று தன் பில் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இந்த எல்லை ஒருநாள் போட்டு மாட்டிவைக்கும் எண் இல்லை. எண்பதில் இன்னும் முப்பது விலை பேசி முடிந்ததென்றால், அன்றைக்கே அந்த முப்பதுக்கான 12,180 டாலரும் பூட்ட வேண்டிய பக்கத்துக்கு மாறிவிடுகிறது. விற்பனைச் சீட்டு எழுதும் நாளிலேயே வங்கிக்கும் தகவல் போக வேண்டும். பல அலுவலகங்களில் விற்பவர் ஒருவர், வங்கியைப் பார்ப்பவர் வேறொருவர். இரண்டு பேரும் மாதக் கடைசியில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு மாதத் தாமதம், 86 காசு

டாலரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக வரும் நஷ்டம் ஒன்று உண்டு. வாங்கியவர் பணம் தர இழுத்தடிப்பது.

எல்.சி. கெடு அன்று வங்கி காத்திருக்காது. திருப்பூர்ப் பணமும் சில்லறைக் கடைகளின் பணமும் ஒரு மாதம் தள்ளி வந்தால், கெடுவுக்கான 70 லட்சத்தை ஓவர்டிராஃப்டில் எடுத்துத்தான் கட்ட வேண்டும். மாதம் ஒரு சதவீத வட்டிக்கு 70,000 ரூபாய் செலவு. கிடைப்பது 69 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைகிறது. அதை 81,200-ஆல் வகுத்தால் எல்லை 85.34. பூட்டிய விலையோ 85.57. டாலர் ஒரு காசுகூட அசையாமலே இந்த வியாபாரம் நஷ்டத்துக்குள் போய்விட்டது.

ஒரு மாதக் கடன் என்பது இங்கே டாலர் 86 காசு ஏறுவதற்குச் சமம். 'பார்த்துக் கொடுங்க' என்று கடன் கொடுக்கிற வியாபாரி, டாலர் 20 காசு ஏறினால் மட்டும் பதறுவது வேடிக்கைதான்.

வங்கிப் பக்கத்திலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. ஃபார்வர்ட் என்பது விரும்பினால் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடையாது, எடுத்தே ஆக வேண்டிய ஒப்பந்தம். வெளிநாட்டு விற்பனையாளர் சரக்கு அனுப்பவே தாமதமாகி, தவணைக் கெடு இரண்டு வாரம் தள்ளிப்போனால், ஒப்பந்தத்தையும் தள்ளிவைக்க அந்த நாட்களுக்கான பிரீமியமும் வங்கிக் கட்டணமும் ஆகும். திருப்பூர்க்காரர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டால், பூட்டிய டாலர் திடீரென்று கிடங்குச் சரக்குக்கான டாலராகிவிடும். பட்டியலின் இரண்டாவது வரிக்கு வந்து நிற்பார். வாங்குகிறவரிடம் முன்பணம் வாங்காமல் அவருக்காக டாலரைப் பூட்டுவது இந்தக் காரணத்தால் பாதி வேலை மட்டுமே.

டாலர் இறங்கினால் அந்த லாபமும் வேண்டும், ஏறினால் அடியும் படக்கூடாது என்பவர்களுக்கு ஆப்ஷன் இருக்கிறது. அதற்கு முன்பணமாகக் கட்டணம் கட்ட வேண்டும், திரும்ப வராது. 64 காசு இடைவெளி உள்ள வியாபாரத்தில் அந்தக் கட்டணமே இடைவெளியைத் தின்றுவிடும் வாய்ப்பு அதிகம். மெல்லிய லாபத்தில் ஓடும் கடைக்கு அது ஆடம்பரம்.

கொழும்பில் எல்லையே உடைந்தபோது

> புறக்கோட்டை, 2022
>
> இலங்கையில் 2021 செப்டம்பரிலிருந்து ஒரு டாலர் 200 முதல் 203 ரூபாய்க்குள் மத்திய வங்கியால் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7 அன்று 230 வரை போகலாம் என்று வங்கி விட்டது. சில நாட்களில் அந்த அணையும் தாங்கவில்லை. மே நடுப்பகுதியில் டாலர் 360 ரூபாயை ஒட்டி நின்றது.

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் பருப்பும் வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக இறக்கி விற்கும் கடைகளில் தமிழர் கடைகள் கணிசம். பிப்ரவரியில் 203 ரூபாய் டாலரை மனத்தில் வைத்து விலை சொல்லி, சரக்கை விற்றுத் தீர்த்து, மே மாதத்தில் பணம் கட்ட வேண்டியிருந்தவர் எவராயினும் அவரது எல்லை விலை 210 அல்லது 215 இருந்திருக்கும். டாலர் அதைத் தாண்டி எழுபது சதவீதம் போனது. அங்கேயும் விற்காமல் வைத்திருந்தவரைச் சரக்கு காப்பாற்றியது; சுறுசுறுப்பாக விற்றவர்தான் மாட்டினார்.

அதைவிடப் பெரிய பாடம் விலையில் இல்லை. அந்த மாதங்களில் அறிவித்த விலைக்கு வங்கியில் டாலரே கிடைக்கவில்லை. கையில் ரூபாய் இருந்தும் கெடுவில் கட்ட முடியாமல் நின்றார்கள். எல்லை விலைக் கணக்கு, ஏதோ ஒரு விலைக்கு டாலர் கிடைக்கும் என்று நம்பிப் போடப்படுவது. பிடித்துவைக்கப்பட்ட மாற்று விகிதம் உள்ள நாட்டில் அந்த நம்பிக்கையையே முதலில் சோதிக்க வேண்டும். அங்கே மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் விலை, அமைதிக்கு அடையாளம் ஆகாது. வங்கி எல்.சி. திறக்கத் தயங்குகிறதா, வெளியே கைமாற்று விலை எவ்வளவு ஓடுகிறது என்பதில்தான் நிலைமை தெரியும்.

இந்தியாவில் அந்த நிலை இல்லை. ரிசர்வ் வங்கி வேகத்தைக் குறைக்க இறங்கினாலும், எல்.சி. கெடுவுக்கு டாலர் கிடைக்காமல் போவதில்லை.

விலை சொல்லும்போதே

திரும்பவும் விலை சொல்லும் இடத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான தவறு அங்கேதான் நடந்துவிடுகிறது. கொட்டேஷன் கொடுத்துவிட்டு 'முப்பது நாள் செல்லும்' என்று எழுதுகிறவர், அந்த முப்பது நாளும் வாங்குகிறவருக்கு இலவசமாக ஒரு டாலர் காப்பீடு எழுதித் தருகிறார். டாலர் இறங்கினால் வாங்குகிறவர் வேறு கடைக்குப் போவார். ஏறினால் மட்டும் இருபத்தொன்பதாம் நாள் ஆர்டரோடு வந்து நிற்பார். ஆகவேதான் இப்போது பலர் மூன்று நாள், ஐந்து நாள் என்று குறைத்துவிட்டார்கள்.

டாலர் ஒரு குறிப்பிட்ட விலையைத் தாண்டினால் வித்தியாசத்தை வாங்குகிறவர் ஏற்க வேண்டும் என்று எழுதிக்கொள்வது இன்னொரு வழி. இங்கே எழுதும் விலை எது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. 86.21 என்று தன் எல்லையையே எழுதினால் அதுவரையிலான ஏற்றம் முழுக்கத் தன் தலையில். பூட்டக்கூடிய 85.57-ஐ எழுதினால் லாபம் காக்கப்படும். அப்படி எழுதிய 120 இயந்திரத்துக்குத் தனியாக டாலரைப் பூட்டத் தேவையில்லை, பூட்டவும் கூடாது. டாலர் 85.57-க்குக் கீழே இறங்கினால் குறைத்துத் தருவேன் என்று இருபக்கமும் எழுதினால் வாங்குகிறவரும் யோசிப்பார். ஒருபக்கமாக மட்டும் எழுதிய ஷரத்துக்குத் திருப்பூரில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்தப் பதினொன்றரை மணி அழைப்புக்கு நம் வியாபாரி சொல்லியிருக்க வேண்டியது ஒரு விலை இல்லை, இரண்டு விலை. எல்.சி. கெடுவுக்குள் பணம் தந்தால் 40,500. ஒரு மாதம் தள்ளித் தந்தால் 40,850. 70,000 ரூபாய் வட்டியை 200 இயந்திரத்துக்குப் பிரித்தால் வருவது அந்த 350. ஆர்டர் உறுதியாக முன்பணம் கால் பங்கு. விலை இன்று மாலை வங்கி மூடும்வரை செல்லும். திருப்பூர்க்காரர் சரி என்றால், அடுத்த அழைப்பு வங்கிக்கு: 48,720 டாலர், கெடுத் தேதிக்கு.